ராத்திரி ரெண்டே இட்லி, காலையில 168. எங்கிருந்து வருது?

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 3, காலை 7.20

அப்பாவுக்கு 67 வயசு, சுகர் வந்து 9 வருஷம். காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500, கூடவே ரெண்டு வேளையும் கிளிமிபிரைடு 1. நேத்து ராத்திரி ஏழரைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டார். 10 மணிக்கு குத்திப் பார்த்தப்ப 132. அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான். நான் ஹால்லதான் படுத்திருந்தேன், மனுஷன் ஃப்ரிட்ஜ் பக்கமே போகல. காலையில ஆறு மணிக்கு 168!

சாப்பிடாம இருக்கும்போது 36 எப்படி ஏறும்? "நீ சாம்பார்ல வெல்லம் போட்டிருப்ப"ன்னு பழி என் மேல. இனிமே ராத்திரி சாப்பாட்டையே விட்டுடறேன்னு ஒரே பிடிவாதம். விடலாமா?

பண்ருட்டி முந்திரி | ஜூன் 3, காலை 8.05

இது தெரிஞ்ச விஷயம்தான் மேடம். நடு ராத்திரியில சுகர் தாழ்ந்து போகும், உடம்பு பயந்துபோய் ஏத்தி விட்டுடும். எங்க மச்சானுக்கும் இதேதான். படுக்கும்போது ரெண்டு பிஸ்கட் குடுங்க, காலையில இறங்கிடும்.

கெடிலக்கரை | ஜூன் 3, காலை 9.40

ஃபாஸ்டிங் பத்திப் பேச்சு வந்ததால கேட்கிறேன். ஏகாதசிக்கு நான் முழு உபவாசம், மறுநாள் துவாதசி பாரணை. சுகர்காரங்க தேவநாதப் பெருமாளுக்கு விரதம் இருக்கலாமா கூடாதா?

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 3, காலை 9.52

ஐயா, இது அந்த ஃபாஸ்டிங் இல்லை. ரத்தம் எடுக்கிற ஃபாஸ்டிங்.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 3, மதியம் 2.15

மருத்துவக் கல்லூரி உடலியங்கியல் லேப்ல 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். டாக்டர் இல்லை. மருந்தைப் பத்தி முடிவு பண்றது உங்க டாக்டர் வேலை, இயந்திரம் எப்படி ஓடுதுன்னு மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ராத்திரி சாப்பாட்டை விடாதீங்க. கிளிமிபிரைடு போட்டுக்கிட்டு சாப்பிடாம படுக்கிறது ஆபத்து. ஏன்னு பிறகு வர்றேன்.

இப்ப உங்க கேள்வி. வெறும் வயித்துல பார்க்கிற சுகர் நேத்து ராத்திரி இட்லியோட கணக்கு இல்லை, அது கல்லீரலோட கணக்கு. ரெண்டு இட்லி நாலஞ்சு மணி நேரத்துல ஜீரணமாகி முடிஞ்சிடும். அதுக்கப்புறம் விடியற வரைக்கும் மூளைக்கும் ரத்த அணுவுக்கும் சர்க்கரை ஊத்துறது பெரும்பாலும் கல்லீரல்தான். 60 கிலோ ஆளுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 120 மில்லிகிராம், மணிக்கு 7 கிராம் சொச்சம். எட்டு மணி நேரத் தூக்கத்துல 57 கிராம். அதாவது உங்க அப்பா குறட்டை விடுற நேரத்துல அவர் கல்லீரல் பத்துப் பதினோரு டீஸ்பூன் சர்க்கரையைச் சத்தமில்லாம ரத்தத்துல கொட்டுது. எனக்கும் உங்களுக்கும் கூட அப்படித்தான்.

அப்ப நமக்கு ஏன் 168 வர்றதில்லை? கொட்டுறதுக்குச் சமமா உறிஞ்சுறதும் நடக்குது. கொட்டுற வேகத்தைப் பிடிச்சு வைக்கிறது இன்சுலின், தட்டி விடுறது குளுக்ககான். ரெண்டும் கணையத்துல ஒரே திட்டுக்குள்ள பக்கத்துப் பக்கத்து செல்லுங்கதான் சுரக்குது, பீட்டாவும் ஆல்ஃபாவும். சுகர் ஏறினா பீட்டா இன்சுலினை விடும், அந்த இன்சுலின் பக்கத்துல இருக்கிற ஆல்ஃபாவையும் "சும்மா இரு"ன்னு அடக்கும். சுகர் இறங்கினா இன்சுலின் குறையும், அடக்க ஆள் இல்லாம ஆல்ஃபா எழுந்து குளுக்ககானை விடும், கல்லீரல் சேமிப்பைத் திறக்கும். ஏறினா இறக்கு, இறங்கினா ஏத்து. எதிர்மறைப் பின்னூட்டம்னு பாடத்துல வர்றது இதுதான்.

இன்னொரு விஷயம். கணையத்து ரத்தம் நேரா இதயத்துக்குப் போறதில்லை, முதல்ல கல்லீரலுக்குத்தான் போகுது. இன்சுலின்ல பாதியைக் கல்லீரலே தின்னுட்டு மிச்சத்தைத்தான் உடம்புக்கு அனுப்புது. முதல் உத்தரவு கல்லீரலுக்குத்தான்.

உங்க அப்பாவுக்கு ரெண்டு கோளாறு சேர்ந்திருக்கும். இன்சுலின் சத்தம் கல்லீரலுக்குச் சரியாக் கேட்கல. ஆல்ஃபா செல்லுக்கும் கேட்கல. சாப்பிட்ட உடனே குளுக்ககான் தணியணும். டைப் 2ல அது தணியறதில்லை, சில பேருக்கு ஏறவே செய்யுது. வயித்துல இட்லி, ரத்தத்துல சர்க்கரை, ஆனா கல்லீரல் பஞ்சம் வந்த மாதிரி இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கு.

நெய்வேலி பாய்லர் | ஜூன் 3, இரவு 9.30

அனல்மின் நிலையத்துல இன்ஸ்ட்ருமென்ட் பக்கம் இருந்தவன். நீங்க சொல்றது பாய்லர்ல தண்ணி மட்டத்தைப் பிடிச்சு வைக்கிற எங்க டிரம் லெவல் கன்ட்ரோல் மாதிரியே இருக்கு. அப்ப சுகர்காரனுக்கு செட் பாயின்ட், அதாவது நிறுத்தி வைக்கச் சொன்ன அளவு, 90லேர்ந்து 160க்கு நகர்ந்துடுச்சுன்னு வெச்சுக்கலாமா?

ஒரு கணக்கும் இடிக்குது. ரத்தம் 5 லிட்டர், சுகர் 100ன்னா ரத்தத்துல மொத்தமே 5 கிராம். மணிக்கு 7 கிராம் ஊத்துற குழாய் நின்னா முக்கால் மணியில காலி. இவ்வளவு சின்ன டேங்கை வெச்சு எந்த கன்ட்ரோலும் ஸ்டெடியா ஓடாது.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 4, காலை 6.10

டேங்க் பெரிசு. குளுக்கோஸ் ரத்தக்குழாயோட நிக்கிறதில்லை, திசுக்களுக்கு நடுவுல இருக்கிற நீரிலயும் பரவும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 12 லிட்டர்னு வையுங்க. சுகர் 100ன்னா 12 கிராம், ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு வரும். அப்பவும் சின்ன டேங்க்தான், அதனாலதான் கன்ட்ரோலர் தூங்கவே கூடாது.

செட் பாயின்ட் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். 90ன்னு எங்கயும் எழுதி ஒட்டி வைக்கல. சுகர் கூடக்கூட பீட்டா கூட ஊத்தும், இன்சுலின் கூடக்கூட கல்லீரல் குறைச்சு ஊத்தும். இந்த ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம் ஆரோக்கியமான ஆளுக்கு 90 பக்கம். கல்லீரல் காது மந்தமாகி, பீட்டாவும் இளைச்சா வெட்டுற இடம் மேல போகும். 160ல உட்கார்ந்தாதான் தேவையான இன்சுலின் வெளிய வருது, அதனால அங்க உட்காருது.

நெய்வேலி பாய்லர் | ஜூன் 4, காலை 6.48

புரியுது. செட் பாயின்ட் இல்லை, ஆஃப்செட். வெறும் புரொபோர்ஷனல் கன்ட்ரோல்ல லோடு மாறினா லெவல் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும், ரீசெட் ஆக்‌ஷன் இருந்தாதான் பழைய இடத்துக்கு வரும். இந்த உடம்புல ரீசெட் இல்லையா?

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 4, காலை 7.02

கர்ப்ப காலத்துலயும் உடம்பு பெருத்தாலும் பீட்டா செல் கூடுதலா உழைச்சு ஈடு கட்டுது. மாசக்கணக்குல நடக்கிற அதைத்தான் ரீசெட்னு சொல்றவங்க இருக்காங்க. மனுஷன்ல அது எவ்வளவு தூரம்ங்கிறதுல சண்டை ஓயல. விட்டுடுவோம்.

நேத்து எழுதினதுல ஒரு திருத்தம். "சேமிப்பைத் திறக்கும்"னு மட்டும் சொன்னேன். கல்லீரல்ல இருக்கிற கிளைக்கோஜன் 80லேர்ந்து 100 கிராம். ராத்திரிலேர்ந்து அதை மட்டுமே எடுத்தா மறுநாள் மதியத்துக்குள்ள துடைச்சு வெச்சிடும். உண்மையில விடிகாலைல கல்லீரல் ஊத்துறதுல ஏறக்குறைய பாதி புதுசா அங்கயே சமைச்சது. லாக்டேட், அமினோ அமிலம், கொழுப்பு கரையும்போது வர்ற கிளிசரால், இதெல்லாம்தான் அதுக்கு அரிசி. சுகர்காரங்களுக்கு அதிகமாத் தப்புறது இந்தச் சமையல்தான். மெட்ஃபார்மின் முக்கியமா அடக்குறதும் இதைத்தான். அது கணையத்தைத் தொடுறதே இல்லை.

முத்தியால்பேட்டை பேனா | ஜூன் 4, பகல் 11.30

எனக்கு டைப் 1, பதினாலு வயசுல வந்தது, இப்ப 33. லாஸ்பேட்டை சார், எல்லாரும் எனக்கு இன்சுலின் இல்லைன்னு மட்டும்தான் சொல்றாங்க. ஆல்ஃபா செல் எனக்கு அப்படியேதானே இருக்கு? அப்ப சுகர் 50க்குப் போகும்போது என் குளுக்ககான் எங்க போச்சு? கல்யாணத்துக்கு அப்புறம் மூணு தடவை தெரியாமலே மயங்கி விழுந்திருக்கேன். முன்னாடியெல்லாம் கை நடுங்கும், இப்ப அதுவும் இல்லை.

பண்ருட்டி முந்திரி | ஜூன் 4, மதியம் 1.10

ஆவாரம்பூ கஷாயம் குடிச்சுப் பாருங்க அக்கா.

முத்தியால்பேட்டை பேனா | ஜூன் 4, மதியம் 1.12

தம்பி, சுகர் *தாழ்ந்து* விழறேன்னு சொல்லிட்டிருக்கேன்.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 4, இரவு 8.45

நல்ல கேள்விம்மா. ஆல்ஃபா செல் இருக்கு, அதுக்குத் தகவல் சொல்ற பக்கத்து வீடு போயிடுச்சு. சுகர் இறங்கும்போது பீட்டா செல் கிட்டேர்ந்து வர்ற இன்சுலின் சட்டுனு குறையுறதுதான் ஆல்ஃபாவுக்கு முக்கியமான மணி. உங்களுக்கு பீட்டா இல்லை. நீங்க போட்ட ஊசி மருந்து தோலுக்கடியிலேர்ந்து தன்பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும், சுகர் 50 ஆனாலும் அது குறையாது. மணி அடிக்கல, ஆல்ஃபா எழல. சாப்பிடும்போது அடங்க வேண்டியது அடங்கறதில்லை, தாழும்போது எழ வேண்டியது எழறதில்லை. ரெண்டு பக்கமும் பின்னூட்டம் அறுந்து போச்சு.

ஆரோக்கியமான ஆளுக்கு 80 பக்கம் வரும்போதே இன்சுலின் நின்னுடும். 65, 70ல குளுக்ககானும் அட்ரினலினும் கிளம்பும். 55 பக்கம் நடுக்கம், வேர்வை, பசி தெரியும். உங்களுக்கு முதல் ரெண்டு தடுப்பும் இல்லை, அட்ரினலின் மட்டும் மிச்சம். அடிக்கடி தாழ்ந்தா அதுவும் மழுங்கிப்போய், கை நடுக்கம் வராமலே நேரா மயக்கம். சில வாரம் தாழாம கவனமா வெச்சிருந்தா அந்த உணர்வு பல பேருக்குத் திரும்புதுன்னு பார்த்திருக்காங்க. இதை உங்க டாக்டர்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க, "எனக்கு லோ சுகர் தெரியறதில்லை"ன்னு. மூணு மயக்கத்தையும் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 7, காலை 6.30

அலாரம் வெச்சு மூணு ராத்திரி குத்தினேன். அப்பா என்னை எமன்னு கூப்பிடறார்.

ஜூன் 4: இரவு 10க்கு 141, 3 மணிக்கு 137, காலை 6க்கு 164.
ஜூன் 5: 10 மணிக்கு 231. அலறிட்டேன். 3 மணிக்கு 142, 6க்கு 169.
ஜூன் 6: 148, 139, 171.

231 எப்படி வந்துச்சுன்னு தெரியல. அன்னிக்கும் இட்லிதான்.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 7, காலை 8.00

அன்னிக்கு வீட்டுல பழம் ஏதாவது வெட்டினாங்களா? கை கழுவிட்டுத்தானே குத்தினீங்க?

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 7, காலை 8.20

பலாச்சுளை! பண்ருட்டியிலேர்ந்து சித்தப்பா கொண்டுவந்தார், அப்பாதான் உரிச்சு எல்லாருக்கும் குடுத்தார். தான் தொடவே இல்லைன்னு சொல்றார். அன்னிக்கு ஸ்பிரிட்ல துடைக்கக்கூட இல்லை.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 7, பகல் 10.40

ஒண்ணு விரல்ல ஒட்டின சாறு, இல்லைன்னா சுளை தொண்டைக்குள்ள போயிருக்கு. எதுன்னு சொல்ல முடியாது. குத்துற சொட்டு ரத்தம் அவ்வளவு சின்னது, விரல்ல பழச்சாறு படலம் இருந்தாலே நூறு கூடக் காட்டும். சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சுட்டுக் குத்துங்க. 10 மணிக்கு நிஜமாவே 231ன்னா 3 மணிக்கு 142 வர்றது கஷ்டம். நான் விரல் பக்கம் சாயறேன், அப்பாவை நம்பியாச்சு.

மத்த ரெண்டு ராத்திரியும் நல்லாப் பேசுது. பண்ருட்டி தம்பி சொன்ன மாதிரி நடு ராத்திரி தாழ்ந்து எகிறியிருந்தா 3 மணிக்கு 60, 65ல இருக்கணும். இருக்கிறது 137, 139. 10லேர்ந்து 3 வரைக்கும் சமமா நிக்குது, 3லேர்ந்து 6க்குள்ள ஏறுது. இது விடியற்காலை ஏற்றம். தூக்கத்துல வளர்ச்சி ஹார்மோன் வருது, விடிகாலை கார்ட்டிசால் ஏறுது, ரெண்டுமே இன்சுலின் சொல்றதைக் கல்லீரல் கேட்க விடாது. எல்லாருக்கும் நடக்கிறதுதான். நமக்கு பீட்டா செல் கொஞ்சம் கூட ஊத்தி மறைச்சிடும். உங்க அப்பாவோட பீட்டாவுக்கு அந்தக் கூடுதல் கொஞ்சம் வர்றதில்லை.

ஜூன் 6 கணக்கை எடுத்துக்கோங்க. 139லேர்ந்து 171, 32 கூடுதல். 12 லிட்டர்ல அது 3.8 கிராம். அந்த மூணு மணி நேரத்துல கல்லீரல் ஊத்தினது குறைஞ்சது 21 கிராம். ஊத்தினதுல ஆறுல ஒரு பங்கு சொச்சம் உறிஞ்சப்படாம நின்னுடுச்சு, அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அதுக்குத்தான் ஒரு வாரமா உங்க வீட்டுல சாம்பார் மேல வழக்கு நடக்குது.

பண்ருட்டி முந்திரி | ஜூன் 7, பகல் 11.15

எங்க ஊர் பலாப்பழம் மேலயும் வழக்கா. ஆனா சார், எங்க மச்சானுக்கு நடந்தது பொய்யா? அவர் டாக்டரே சொன்னார்.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 7, பகல் 11.50

பொய்னு சொல்லல. 1938லயே மைக்கேல் சோமோஜி எழுதின கருத்து அது, அவர் பேர்லயே சொல்வாங்க. தாழ்ந்தா குளுக்ககானும் அட்ரினலினும் எகிறுறதும் நிஜம். ஆனா தோல்ல ஒட்டுற சென்சார் வந்த பிறகு ராத்திரி பூரா பார்த்தப்ப, தாழ்ந்த ராத்திரிக்கு மறுநாள் காலை சுகர் பெரும்பாலும் *குறைவா*த்தான் இருக்கு. காலையில உசந்தவங்க ராத்திரியும் உசந்தேதான் இருந்திருக்காங்க. மச்சானுக்கு 3 மணிக்குப் பார்த்தாங்களா?

பண்ருட்டி முந்திரி | ஜூன் 7, மதியம் 12.05

3 மணிக்கு அவரை யார் எழுப்புறது? எழுப்பினா நான் உயிரோட இருக்க மாட்டேன்.

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 9, காலை 7.00

நேத்து நான் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்ட்டேன். அப்பா யாருக்கும் தெரியாம ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு மாத்திரை மட்டும் போட்டுப் படுத்திருக்கார். 3 மணிக்கு எழுப்பினா பனியன் தொப்பலா நனைஞ்சிருக்கு, பேச்சு குழறுது. மீட்டர்ல 64. மூணு ஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சுக் குடுத்தேன். கால் மணி கழிச்சு 88. ரெண்டு பிஸ்கட். அப்புறம் நான் தூங்கவே இல்லை. 6 மணிக்கு 124.

சார் முதல் நாளே சொன்னீங்க. எனக்கு அழுகைதான் வருது.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 9, காலை 7.15

நீங்க செஞ்சது சரி. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க, 64ங்கிற எண்ணையும் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க.

"பிறகு வர்றேன்"னு சொன்னது இதுதான். கிளிமிபிரைடு பீட்டா செல்லைப் பிழிஞ்சு இன்சுலினை எடுக்கிற மாத்திரை. சுகர் 64 ஆனாலும் பிழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். தாழ்ந்தா நிறுத்துங்கிற கம்பியை அது அறுத்துடுது. வயசானவங்களுக்கு, சிறுநீரகம் மந்தமா இருக்கிறவங்களுக்கு அது உடம்புல கூடுதல் நேரம் தங்கும். கிரியேட்டினின் பார்த்து எவ்வளவு நாளாச்சு?

நெய்வேலி பாய்லர் | ஜூன் 9, காலை 9.20

மேனுவல்ல போட்டு வால்வைத் திறந்து வெச்சிட்டு வீட்டுக்குப் போன மாதிரி. ஒரு கேள்வி. 64க்குத் தாழ்ந்தது, சர்க்கரையும் குடுத்தாச்சு, பிஸ்கட்டும் குடுத்தாச்சு, எதிர் ஹார்மோன் எல்லாம் எகிறியிருக்கும். அப்பவும் காலையில 124தான். வழக்கமான 168ஐ விடக் குறைவு. பண்ருட்டி தம்பியோட கட்சி தோத்துது.

பண்ருட்டி முந்திரி | ஜூன் 9, காலை 9.31

ஒரு ராத்திரியை வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க சார்.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 9, காலை 9.50

தம்பி சொல்றது நியாயம். ஒரு ராத்திரிதான், நடுவுல சர்க்கரையும் போயிருக்கு.

கெடிலக்கரை | ஜூன் 10, காலை 5.50

இதைப் படிச்சிட்டு என் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். எனக்கும் அதே கிளிமிபிரைடுதான். ஏகாதசி அன்னிக்குப் பாலும் பழமும் எடுத்துக்கலாம்னு பட்டர் சொன்னார். மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் இருப்பேன்.

முத்தியால்பேட்டை பேனா | ஜூன் 12, இரவு 10.05

சார், குளுக்ககானையே அடைச்சுட்டா சுகர் வியாதியே வராதுன்னு ஒரு இடத்துல படிச்சேன். நிஜமா?

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 13, காலை 6.20

டல்லஸ்ல இருந்த ராஜர் அங்கர் 1975லயே, நீரிழிவு ஒரு ஹார்மோன் வியாதி இல்லை, ரெண்டு ஹார்மோன் வியாதின்னு வாதாடினார். 2011ல அவர் குழு குளுக்ககான் ஏற்பியே இல்லாத எலியில பீட்டா செல்லை அழிச்சுப் பார்த்தாங்க, எலிக்கு சுகர் ஏறல. பெரிய பரபரப்பு. அப்புறம் வேற ஆய்வுக்காரங்க, இன்சுலினை முழுசா ஒழிச்சா குளுக்ககான் கேட்காத எலிக்கும் ஏறத்தான் செய்யுதுன்னு காட்டினாங்க. அழிக்காம மிஞ்சின கொஞ்ச பீட்டாதான் முதல் எலிகளைக் காப்பாத்துச்சுன்னு அவங்க கட்சி. எனக்கு ரெண்டாவது கட்சி சரின்னு படுது. ஆனா அங்கர் வராம இருந்திருந்தா இன்னிக்கும் எல்லாரும் இன்சுலினை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருப்போம். நீங்க ஊசியை நிறுத்துற யோசனையில இதைக் கேட்கலைன்னு நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை பேனா | ஜூன் 13, காலை 7.40

இல்லை சார். டாக்டர்கிட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சென்சார் ஒட்டி விட்டிருக்காங்க, 80க்கு வந்தாலே கத்துது. பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்துபோய் அழுதுச்சு.

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 28, காலை 6.40

டாக்டர் ராத்திரி கிளிமிபிரைடை நிறுத்திட்டு சிட்டாகிளிப்டின் குடுத்தார். மெட்ஃபார்மின் ராத்திரி 1000 ஆச்சு. கிரியேட்டினின் 1.1, பரவாயில்லைன்னார். நேத்து வரைக்கும் நாலு நாள்: 10 மணிக்கு 150 பக்கம், 3 மணிக்கு 140 சொச்சம், காலையில 146, 151, 144, 149.

லாஸ்பேட்டை லேப் | ஜூன் 28, காலை 7.30

கிளிப்டின் சுகர் உசந்தா மட்டும் பீட்டாவை உசுப்பும், குளுக்ககானையும் கொஞ்சம் தணிக்கும், தாழ்ந்தா ஒதுங்கிக்கும். அறுந்த கம்பியைத் திரும்பக் கட்டின மாதிரி. 10 மணிக்கு 150ங்கிறது இன்னும் கூடத்தான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் மகள் | ஜூன் 28, காலை 7.41

சில்வர் பீச் வரைக்கும் போறேன்னு கிளம்பறார். அங்க சுண்டலும் மாங்காயும்தானேன்னு நம்பி விட்டேன். நேத்து சட்டைப் பையில பஜ்ஜி கட்டின எண்ணெய்த் தாள் இருந்தது.